பதினெட்டு பாக்கெட்

இன்று காலை விரல்கள் மடங்கவே இல்லை. முடக்குவாதத்தில் இப்படி நாள் வரும்.

ஆனால் அலமாரியில் பருப்புப் பொடி 18 பாக்கெட் இருந்தது. வந்த 3 ஆர்டரையும் தம்பி எடுத்துக் கொடுத்துவிட்டான்.

முன்பெல்லாம் ஆர்டர் வந்த பிறகுதான் வறுப்பேன். தேதி சொல்லிவிட்டு உடம்பு படுத்தினால் அழுகைதான் வரும். இப்போது நல்ல நாளில் வறுக்கிறேன், இருப்பதை மட்டும் விற்கிறேன். இட்லி மாவு காத்திருக்காது, பொடி காத்திருக்கும்.

சூட்டோடு அடைத்தால்தான் ஆபத்து. உள்ளே வியர்த்துக் கட்டி தட்டிவிடும். 2 கிலோ அப்படிப் போனது.

இப்போது தட்டில் பரப்பி, நன்றாக ஆறியதும் ஈரமில்லாத டப்பாவில் இறுக மூடுகிறேன். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். பாக்கெட் போடுவதை விரல் மடங்கும் நாளில் பார்த்துக்கொள்கிறேன்.