காரம் மிஞ்சிப்போன பன்னிரண்டு சோப்புகள்

"கண்ணு, இந்தச் சோப்பு போட்டா கை சுருக்குனு எரியுது" என்று பக்கத்து வீட்டு அக்கா கையைக் காட்டியபோது எனக்குப் பகீர் என்றது. அது ஐந்து வாரம் காய வைத்துக் கொடுத்த குப்பைமேனி சோப்பு. அதே சோப்பை அவர் முன்பு ஆறு மாதமாகப் பயன்படுத்தியிருக்கிறார். ஒரு குறையும் சொன்னதில்லை.

என் வழக்கமான அளவு ஒரு கிலோ எண்ணெய்க்கு: தேங்காய் எண்ணெய் 600 கிராம், நல்லெண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100. காஸ்டிக் சோடா 154.7 கிராம், தண்ணீர் 310. இந்த முறை தேங்காய் எண்ணெய் விலை ஏறியிருந்ததால் அதில் 200 கிராமைக் குறைத்து, அந்த இடத்தில் வீட்டில் மீந்திருந்த நல்லெண்ணெயைச் சேர்த்தேன். மொத்தம் அதே ஒரு கிலோதானே என்று காஸ்டிக் சோடாவை மாற்றவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

ஒவ்வொரு எண்ணெயும் சோப்பாக மாற வேறு வேறு அளவு காரம், அதாவது காஸ்டிக் சோடா, கேட்கும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128 போதும். பழைய அளவுக்கு மொத்தம் 162.8 கிராம் வரும். அதில் ஐந்து சதவீதம் குறைத்துத்தான் 154.7 போடுவேன், அப்போதுதான் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சி நின்று தோலைக் காக்கும். மாற்றிய எண்ணெய்களுக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: 73.2, 67, 12.8. கூட்டினால் 153. எண்ணெய் மிஞ்ச வேண்டிய இடத்தில் காரம் 1.7 கிராம் மிஞ்சியிருக்கிறது.

காய்ந்தால் காரம் போய்விடும் என்று பலர் சொல்வார்கள், நானும் நம்பியிருந்தேன். காய்வதில் போவது தண்ணீர். மிஞ்சிய காரம் காற்றுபட்டு மேல்பக்கத்தில் மெல்ல மாறலாம்; கட்டியின் உள்ளே அப்படியே இருக்கும். ஒரு கட்டியை நடுவில் வெட்டி, ஈர விரலால் தேய்த்து நாக்கு நுனியில் லேசாகத் தொட்டேன். சுரீர் என்றது. அப்புறம் ஒரு சீவலை ஆல்கஹாலில் கரைத்து, காரம் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் பினால்ப்தலீன் சொட்டு விட்டதும் அடர் ரோஜா நிறம் வந்தது. தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் நல்ல சோப்பும் லேசாக நிறம் காட்டும், அதனால்தான் ஆல்கஹால். பி.எச். தாளை மட்டும் நம்பவும் முடியாது, சோப்பில் அது சரியாகக் காட்டுவதில்லை.

அக்காவிடம் இருந்த கட்டியை உடனே வாங்கிக்கொண்டேன். கையைத் தண்ணீரில் நன்றாகக் கழுவச் சொன்னேன். அடுப்பாங்கரையில் இருந்த 12 கட்டிகளையும் துருவி, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த எவர்சில்வர் சட்டியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து இளக்கினேன். அலுமினியச் சட்டி கூடவே கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். மிஞ்சிய காரம் தீர்ந்து, வழக்கம்போல் ஐந்து சதவீதம் எண்ணெய் மிஞ்சும் கணக்கில் 50 கிராம் தேங்காய் எண்ணெய் சேர்த்துக் கிளறி அச்சில் அடைத்தேன். பார்க்கக் கரடுமுரடாக இருந்தது. மூன்று வாரம் கழித்து நாக்கில் சுருக்கவில்லை, சொட்டு விட்டாலும் நிறம் வரவில்லை. அதை வீட்டிலேயே துணி துவைக்க வைத்துக்கொண்டோம்; யாருக்கும் கொடுக்கவில்லை.

அந்தக் கையோடு நான் அச்சடித்து வைத்திருந்த லேபிளையும் எடுத்துப் படித்தேன். 'கெமிக்கல் இல்லாதது' என்று இருந்தது. காஸ்டிக் சோடா போன்ற காரம் இல்லாமல் சோப்பே இல்லை. சரியாகச் செய்த சோப்பில் அது மிஞ்சாது என்பது உண்மை. அதற்காகப் போடவே இல்லை என்று சொல்வது பொய். 'சொறி, படை குணமாகும்' என்றும் போட்டிருந்தேன். நோயைக் குணமாக்கும் என்று எழுதினால் அது அழகுப் பொருளாக இருக்காது, மருந்து என்ற கணக்கில் போய்விடும். அதோடு ஒரு கிலோ எண்ணெயில் நான் போட்ட குப்பைமேனிப் பொடி பத்தே கிராம். அத்தனையும் காரத்தில் வெந்து பச்சை நிறம்கூடப் பழுப்பாகிவிடுகிறது. அது எதைக் குணப்படுத்தும் என்று நான் உறுதி சொல்ல?

புது லேபிளில் மூன்று எண்ணெய்களின் பெயர், குப்பைமேனிப் பொடி, காஸ்டிக் சோடாவின் வேதிப்பெயரான சோடியம் ஹைட்ராக்சைடு, தயாரித்த தேதி, தொகுதி எண் எல்லாம் இருக்கின்றன. தொகுதி எண் இருந்தால்தான் அன்று போல ஒரு கட்டியைத் திரும்ப வாங்க வேண்டி வந்தால் கூட இருந்தவற்றையும் தேடிப் பிடிக்கலாம். எடையை மட்டும் முன்கூட்டி அச்சடிப்பதில்லை. வெட்டும்போது 110 கிராம் இருக்கும் கட்டி, காய்ந்த பிறகு 98 ஆகும், 96-ம் ஆகும். ஐந்தாவது வாரம் தராசில் வைத்துப் பார்த்து, வருவதிலேயே குறைந்த எடையைத்தான் எழுதுகிறேன். விற்பனைக்காகத் தயாரிக்க 2020-ன் காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்படி உரிமம் வேண்டும். அது கைக்கு வரும்வரை லேபிளில் விலைக்கான இடம் காலியாகவே இருக்கிறது.