எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஒரு காளான் பண்ணையின் ஸ்வாட் பகுப்பாய்வு

தொலைநிலைக் கல்வியில் மேலாண்மை படித்த காலத்தில், ஈரோடு மாவட்டத்தில் ஒரு தம்பதியர் நடத்திய சிப்பிக் காளான் பண்ணையில் கணக்கும் விற்பனையும் பார்த்து வந்தேன். சிறு நிறுவனம் ஒன்றின் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் ஆகியவற்றை ஆராய்ந்து எழுத வேண்டும் என்று பாடத்தில் பணித்தபோது, நான் அன்றாடம் நின்ற அந்தக் குடிலையே எடுத்துக்கொண்டேன். நான்கு கட்டங்களையும் ஒரே மாலையில் நிரப்பிவிட்டேன். ஆனால் எழுதியவற்றுள் பாதி தவறான கட்டத்தில் இருந்ததை உணர்வதற்கு ஓராண்டு ஆயிற்று.

பண்ணையில் கூரை வேய்ந்த இரண்டு குடில்கள் இருந்தன. வைக்கோலையும் காளான் வித்தையும் அடுக்கடுக்காகப் பையில் அடைத்து, நாள்தோறும் பத்துப் படுக்கைகள் போடுவோம். ஒரு படுக்கையிலிருந்து மூன்று அறுவடைகளில் சுமார் 600 கிராம் கிடைக்கும் என்பதால், நாளொன்றுக்கு ஆறு கிலோ, அதாவது 200 கிராம் பொட்டலங்களாக முப்பது, காலை ஏழு மணிக்குள் காய்கறிக் கடைகளுக்குப் போய்ச் சேரும்.

அச்சுறுத்தல் கட்டத்தில் நான் முதலில் எழுதியது ‘தரமற்ற காளான் வித்து’ என்பதுதான். ஐப்பசி மழையில் ஒரு வாரம் படுக்கைகளில் பச்சைப் பூஞ்சணம் படர்ந்தது. “வித்துதான் சரியில்லை தம்பி, ஆளை மாத்திரலாம்” என்று உரிமையாளரான அக்கா சொன்னபோது எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆனால், ஒவ்வொரு படுக்கையின் மீதும் தேதியும் வித்துப்புட்டியின் எண்ணும் எழுதிய சீட்டை ஒட்டும் வழக்கம் அவரிடம் இருந்தது. அந்தச் சீட்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒரே நாளில் வாங்கிய இருபது புட்டிகளில், புட்டிக்கு இரண்டாக நாற்பது படுக்கைகள் நான்கு நாட்களில் போடப்பட்டிருந்தன. முதல் இரண்டு நாட்களின் இருபதும் வெள்ளை வெளேரென்று காளானின் பூசணம் ஓடி நல்லபடியாக நின்றன. மழை பெய்த அடுத்த இரண்டு நாட்களின் இருபதில் பதின்மூன்று கெட்டுப்போயிருந்தன. கெட்டவற்றிலும் பச்சை நிறம் வித்து தூவிய அடுக்குகளில் தொடங்காமல், நீர் தேங்கிய அடிப்பகுதியில் தொடங்கியிருந்தது. வேகவைத்த வைக்கோலை வெயிலில் உலர்த்த வழியில்லாமல் ஈரத்தோடு பையில் அடைத்திருக்கிறோம். கைப்பிடி வைக்கோலை இறுக்கிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, உள்ளங்கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த அளவுதான். அவசரத்தில் யாரும் பிழிந்து பார்க்கவில்லை. வித்து விற்றவர் மீது வீண்பழி சுமத்த இருந்தோம் என்பது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மழைநாளில் வைக்கோல் உலர்த்த மூடிய தளம் இல்லை என்று பலவீனக் கட்டத்தில் எழுதினேன். அச்சுறுத்தல் கட்டத்திலிருந்த வரியை அடித்தேன்.

பலம் என்று நான் எழுதிய ‘அன்று பறித்தது அன்றே கடைக்கு’ என்பதும் இப்படித்தான் இடம் மாறியது. சிப்பிக் காளான் அறை வெப்பத்தில் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் இறைச்சி நாள். காளான் வாங்குவோர் குறைவு. ஆனால் படுக்கைக்கு ஞாயிறு தெரியாது. திங்கள் காலையில் ஓரம் மஞ்சளித்துத் திரும்பி வந்த பொட்டலங்களைக் கணக்கேட்டில் கூட்டிப் பார்த்தால், வாரத்தில் ஒரு நாள் விளைச்சலில் பாதி அதில் போயிருந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத எங்களுக்கு, அன்றே விற்பது வேறு வழியில்லாமல் செய்ததுதான்.

வாய்ப்புகளுள் புரட்டாசியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பலரும் அசைவம் தவிர்க்கும் அந்த மாதத்தில் கடைக்காரர்கள் இரண்டு மடங்கு கேட்டார்கள். எங்களிடம் வழக்கமான முப்பதுதான் இருந்தது. படுக்கை போட்டதிலிருந்து முதல் அறுவடைக்கு மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும். ஆகையால் கூடுதல் படுக்கைகளை ஆவணி முதல் வாரத்தில் தொடங்கி, ஆவணி முடிவதற்குள் நிறுத்திவிட வேண்டும்; புரட்டாசி நடுவில் ஆசைப்பட்டுப் போட்டவை, ஐப்பசியில் கேட்பாரற்றுக் காய்க்கும். அடுத்த ஆண்டு அப்படியே செய்தோம். திரும்பி வந்த பொட்டலங்கள் மிகச் சிலவே.

கோடை ஒன்றே நான் அச்சுறுத்தலாக விட்டுவைத்தது. சித்திரையில் ஈரச் சாக்குகளைச் சுற்றிக் கட்டியும் குடிலின் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழ் இறங்கவில்லை. மொட்டுகள் கருகி, விளைச்சல் பாதியாகியது. வெயிலை நம்மால் மாற்ற முடியாது; ஆனால் 30 முதல் 35 டிகிரியில் நன்கு வளரும் பால் காளானுக்கு மாற முடியும். அதற்குப் படுக்கையைப் பாதியாக வெட்டி, ஆவியில் வேகவைத்த மண்ணை மேலே இட வேண்டியிருப்பதால் வேலை கூடுதல். அறை வெப்பத்தில் சிப்பிக் காளானைவிடக் கூடுதல் நாள் தாங்குவதால், திங்கட்கிழமைத் தொல்லையும் குறையும். பங்குனியில் இருபது படுக்கைகள் மட்டும் போட்டுப் பார்ப்பது, அதற்குரிய மண்ணை மாசியிலேயே சேர்த்து வைப்பது என்று அக்காவும் நானும் முடிவு செய்ததை ஒப்படைப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.