குரோம்பேட்டையில் நின்ற கார்

ஜி.எஸ்.டி. சாலை, மாலை ஏழு மணி. முன்னால் போன லோடு வேன் சட்டென்று நிற்க, என் கார் அதன் பின்பக்க இரும்புச் சட்டத்தில் மோதியது. யாருக்கும் அடியில்லை, வேனில் ஒரு கீறலும் இல்லை. என் காரில் முன்பம்பர் பிளந்திருந்தது. குனிந்து பார்த்தால் அடியில் பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூலன்ட். ரேடியேட்டர் போய்விட்டது.

பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. "ஸ்டார்ட் ஆகுதுல்ல சார், மெதுவா ஓட்டிட்டுப் போயிடுங்க, பக்கத்துலதான் மெக்கானிக்" என்றார் ஒருவர். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் மெக்கானிக்காக இருக்கும் தம்பி போனில் கத்தினான்: "அண்ணே, சாவியவே திருகாத. கூலன்ட் இல்லாம ஓட்டுனா இன்ஜின் சீஸ் ஆயிடும். அதுக்கு இன்சூரன்ஸ்ல பத்து பைசா வராது."

அவன் சொன்னது சரி. விபத்துக்குப் பிறகு பழுது பார்க்காமல் ஓட்டி, அதனால் சேதம் கூடினால் அது உரிமையாளர் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. நியூட்ரலில் போட்டு, இரண்டு பேர் உதவியோடு ஓரமாகத் தள்ளினேன். நாலாபுறமும் போட்டோ எடுத்தேன், தரையில் தேங்கிய பச்சைத் தண்ணீரையும் சேர்த்து.

பத்தே நிமிடத்தில் யாரும் கூப்பிடாமலே ஒரு டோயிங் வண்டி வந்து 3,500 ரூபாய் கேட்டது. சாதாரண பாலிசியில் இழுத்துச் செல்லும் செலவுக்குக் கிடைப்பது 1,500 வரைதான். நான் தனியாக ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்ததால் அந்த எண்ணுக்கு அழைத்துக் காத்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் மேடை வண்டி வந்து, காரை அப்படியே ஏற்றிக்கொண்டு கேஷ்லெஸ் ஒர்க்ஷாப்பில் இறக்கியது.

அன்றிரவே கிளெய்ம் பதிந்தேன். சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்த்து முடிக்கும்வரை ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம் என்று ஒர்க்ஷாப்பில் சொல்லி வைத்தேன். பழுதான பாகத்தை அவர் வண்டியிலேயே பார்க்கவில்லை என்றால் பிறகு வாக்குவாதம்தான்.

பில் 17,000. பம்பர் 6,000; பிளாஸ்டிக் என்பதால் தேய்மானம் பாதி, 3,000 என் தலையில். ரேடியேட்டர் 8,000, கார் மூன்று வயதைத் தாண்டியதால் உலோகத்துக்குக் கால்பங்கு, 2,000. கூலி 3,000 முழுதாகக் கிடைத்தது. இவை தவிர 1500 சிசிக்குள் உள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. நான் கட்டியது 6,000, கம்பெனி 11,000.

பம்பர் மட்டும் உடைந்திருந்தால் கிளெய்முக்கே போயிருக்க மாட்டேன். பிடித்தமெல்லாம் போக 2,000தான் கையில் வந்திருக்கும். ஆனால் இதுவரை எந்தக் கிளெய்மும் இல்லாததால் அடுத்த ஆண்டு பிரீமியத்தில் கிடைக்கவிருந்த 45 சதவீதத் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், பூஜ்ஜியமாகிவிடும். சொந்தச் சேதத்துக்கான என் பிரீமியம் 9,000. அதில் 4,050 போகும். இந்த முறை அந்த நஷ்டத்தைத் தெரிந்தேதான் ஏற்றேன். டோயிங் உதவியைப் பயன்படுத்தியது மட்டும் கிளெய்ம் கணக்கில் வரவில்லை.