திரிந்த பாலில் பனீர்: இந்த முறை உதிரவில்லை

கத்தி வைத்து வெட்டும்படியான பனீர், அதுவும் திரிந்த பாலில் இருந்து, ஒருவழியாக வந்துவிட்டது. இதற்கு முன் வந்ததெல்லாம் பொரியலில் தூவத்தான் லாயக்கு.

பச்சை பாக்கெட், ஒரு லிட்டர். பகல் முழுக்க மின்சாரம் இல்லை. ஆனாலும் காய்ச்சும் முன் வாசனையில் குறையில்லை, நாக்கில் வைத்தாலும் இனிப்புதான். பொங்கும் நேரத்தில் திரிந்தது. புளிப்பு ஏற ஏற பிஹெச் அளவு இறங்கும். புதுப் பாலில் அது 6.6 பக்கம் இருக்கும். சூடு இல்லாமல் தானாக உறைய அது 4.6 வரை இறங்க வேண்டும். கொதிக்கும் சூட்டிலோ 6-ஐ ஒட்டி வந்தாலே போதும், திரிந்துவிடும். நாக்குக்குத் தெரியாத புளிப்பு அடுப்புக்குத் தெரிகிறது. சந்தேகம் இருந்தால் குழிக்கரண்டியில் கொஞ்சம் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பார்ப்பேன்.

இங்கேதான் சூட்சுமம். திரிந்தவுடன் வடிகட்டினால் கீழே வருவது வெள்ளைத் தண்ணீர். பனீர் ஆக வேண்டிய புரதத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். சரி, முழுதாகத் திரியட்டும் என்று கொதிக்கவிட்டால் கட்டிகள் சுருங்கி ரப்பர் மணிகளாகி, ஒன்றோடொன்று ஒட்டாது. இந்த முறை திரிந்ததும் அடுப்பை அணைத்தேன். புளித்த மோரை ஒரு மேசைக்கரண்டி ஓரமாக ஊற்றி, மெதுவாக ஒரு சுற்று கிளறி, கொஞ்சம் பொறுத்து, அப்புறம்தான் அடுத்த கரண்டி. மூன்றாவதில் தண்ணீர் தெளிந்து இளம்பச்சை கலந்த மஞ்சளாயிற்று. அதோடு நிறுத்திவிட வேண்டும், மேலே போனால் பனீர் புளிக்கும். எலுமிச்சையும் ஆகும், ஆனால் அளவு சட்டென்று மீறிவிடுகிறது. சூடு ஆறும் முன்பே துணியில் கட்டி மேலே பருப்பு டப்பாவை ஏற்றினேன். ஆறிய கட்டி எவ்வளவு அழுத்தினாலும் சேராது. துணிக்குப் பழைய வேட்டிதான். கடையில் விற்கும் வலைத்துணியில் பாதி ஒட்டிக்கொள்கிறது.

பாக்கெட்டை வெட்டும்போதே கெட்டியாக, நாற்றத்தோடு வருகிற பால் வேறு கதை. அதைப் பனீராக்க நினைக்கவே கூடாது. இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் ஏமாற்றும்: புளிப்பே தெரியாது, ஆனால் கசக்கும். பதப்படுத்தும் சூட்டில் சாகாத வித்துக் கிருமிகள் குளிர்பெட்டியில்கூடப் புரதத்தைச் சிதைத்துவிடுகின்றன. சில கிருமிகளின் நஞ்சு கொதித்தாலும் போகாது. அதனால் வடிந்த தண்ணீரை ஒரு சொட்டு சுவைத்துப் பார்க்கிறேன். கசந்தால் நிறையத் தண்ணீர் கலந்து கறிவேப்பிலைச் செடிக்கு. காய்ச்சிய பால் வெளியே இருந்து தயிர் வாசனையோடு லேசாகப் புளித்திருந்தால், சோடா உப்பும் கோதுமை மாவும் சேர்த்து அப்பம் சுடலாம்.

பால் திரியாமல் இருக்க அதிலேயே சோடா உப்பு போடச் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. புளிப்பு மறைகிறது, கிருமி அப்படியே இருக்கிறது.

வடிந்த தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசைந்தாயிற்று. மீதியைப் புளிக்கவிட்டு, அடுத்த முறை மோருக்குப் பதில் ஊற்றிப் பார்க்கப் போகிறேன். பனீர் இன்னும் டப்பாவுக்கு அடியில்தான் இருக்கிறது. ஓரத்தை மட்டும் வெட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.