மொத்தம் 25,000 வந்தும் விடை தவறு

மாலையில் பி.காம். மாணவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் ஒரு மாணவி ரொக்க ஓட்ட அறிக்கை ஒன்றைப் போட்டுக் கொண்டுவந்தாள். தொடக்க ரொக்கம் 40,000 ரூபாய், இறுதி ரொக்கம் 65,000. அவள் விடையில் இயக்க நடவடிக்கைகள் 1,80,000 வரவு, முதலீட்டு நடவடிக்கைகள் 1,60,000 செலவு, நிதி நடவடிக்கைகள் 5,000 வரவு. கூட்டிக் கழித்தால் அதே 25,000. ஆனால் புத்தகத்தின் கடைசியில் இருந்த விடையோடு மூன்று தொகைகளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. "மொத்தம் சரியாகத்தானே வருகிறது சார்?" என்றாள்.

மொத்தம் சரியாகத்தான் வரும். ஒரு தொகையை இயக்கத்திலிருந்து எடுத்து நிதியில் போட்டாலும், எடுக்காமலே விட்டாலும், ரொக்கத்தின் மொத்த மாற்றம் அசையாது. பாதி வேலை செய்தால்தான் அசையும். வட்டியை லாபத்தோடு திரும்பக் கூட்டிவிட்டு நிதிப் பகுதியில் கழிக்க மறந்தால், அந்த வட்டித் தொகை அளவுக்கே வித்தியாசம் நின்று காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு இடத்திலும் விட்டுவிட்டால் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

அதனால் நான் மொத்தத்திலிருந்து தொடங்குவதில்லை. இலாப நட்டக் கணக்கை எடுத்துக்கொள்வேன். அன்றாட வியாபாரத்தைச் சேராத ஒவ்வொரு தொகைக்கும் விடைத்தாளில் இரண்டு இடங்களைத் தேடுவேன்: லாபத்திலிருந்து அதை நீக்கிய இடம் ஒன்று, அதற்குரிய பிரிவில் ரொக்கமாக எழுதிய இடம் மற்றொன்று. தேய்மானத்துக்கு மட்டும் இரண்டாவது இடம் கிடையாது, ஏனென்றால் அதில் ரொக்கமே நகர்வதில்லை. அவள் தாளில் தேய்மானம் 60,000 சரியாகக் கூட்டப்பட்டிருந்தது. கடனாளிகள் 30,000 கூடியதும், கடனீந்தோர் 15,000 கூடியதும், வரி 45,000 கட்டியதும் சரி.

அடுத்து கடனீட்டுப் பத்திர வட்டி 20,000. வரிக்கு முந்தைய லாபம் 1,80,000 என்பது இந்த வட்டியைக் கழித்த பிறகு வந்தது. தாளில் அது திரும்பக் கூட்டப்படவில்லை, நிதியிலும் இல்லை. பெற்ற பங்காதாயம் 5,000 கதையும் அதேதான்: லாபத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது, முதலீட்டுப் பகுதிக்கு வரவில்லை.

"இதை எங்கே படித்தாய்?" என்று கேட்டேன். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரின் காணொளி என்றாள். அப்படியானால் அவளைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்கக் கணக்கியல் விதிப்படி, கொடுத்த வட்டியும் பெற்ற பங்காதாயமும் இயக்கத்திலேயே இருக்கும். நம் கணக்கியல் தரநிலை 3 அப்படிச் சொல்வதில்லை. நிதி நிறுவனம் அல்லாத ஒரு நிறுவனம் கொடுக்கும் வட்டி நிதி நடவடிக்கை. அது பெறும் வட்டியும் பங்காதாயமும் முதலீட்டு நடவடிக்கை. கேள்வியில் இருந்தது ஒரு உற்பத்தி நிறுவனம். அதுவே வங்கியாக இருந்தால் கதை வேறு. வட்டிதான் அதன் வியாபாரம். விதி தெரியாமல் தாளைத் திருத்துவது வீண்வேலை என்பதால், கேள்வி எந்தத் தரநிலையைச் சேர்ந்தது என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது தவறுக்கு எந்த நாட்டு விதியும் துணைக்கு வராது. இயந்திரக் கணக்கை ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். தொடக்க இருப்பு 5,00,000, வாங்கியது 2,00,000, தேய்மானம் 60,000, இறுதி இருப்பு 6,00,000. அப்படியானால் விற்ற இயந்திரத்தின் புத்தக மதிப்பு 40,000. அது 50,000க்கு விற்றது என்று கேள்வி சொல்கிறது, லாபம் 10,000. மாணவி முதலீட்டில் 40,000 என்று எழுதி, 10,000 லாபத்தை இயக்கத்திலேயே விட்டிருந்தாள். கையில் வந்த காசு 50,000. அது முழுவதும் இயந்திரத்தை விற்று வந்தது, சரக்கை விற்று வந்ததல்ல.

மூன்றையும் திருத்தியபோது இயக்கம் 1,80,000லிருந்து வட்டிக்காக 20,000 ஏறி, பங்காதாயத்துக்காக 5,000மும் விற்பனை லாபத்துக்காக 10,000மும் இறங்கி, 1,85,000 ஆனது. முதலீட்டில் 50,000மும் 5,000மும் வரவு, 2,00,000 செலவு. நிகரம் 1,45,000 செலவு. நிதியில் கடனீட்டுப் பத்திரம் வெளியிட்டு வந்த 50,000, கொடுத்த பங்காதாயம் 45,000, வட்டி 20,000. நிகரம் 15,000 செலவு. மொத்தம் மறுபடியும் 25,000. கடனை வைத்துக் காசு வந்ததாகக் காட்டிய நிதிப் பகுதி, இப்போது காசு வெளியேறும் பகுதியாக மாறியிருந்தது. கடன் கொடுக்கும் வங்கி அதிகாரி இந்த இரண்டு தாள்களையும் ஒரே மாதிரிப் படிக்கமாட்டார்.

இன்னொன்றையும் பார்த்தேன். பங்குகளைக் கொடுத்து 1,00,000 மதிப்புள்ள நிலம் வாங்கியதாகக் கேள்வியில் இருந்தது. நிதியில் வரவாகவும் முதலீட்டில் செலவாகவும் போட்டாலும் மொத்தம் மாறாது. ஆனால் ரொக்கம் கைமாறாததால் இரண்டு இடத்திலும் வரக்கூடாது. அவள் அதைச் சரியாகவே விட்டிருந்தாள். அறிக்கையின் கீழே தனிக் குறிப்பாக மட்டும் எழுதச் சொன்னேன்.