ரெஸ்யூமைப் பாத்து பேங்க் எக்ஸாம் விண்ணப்பம் நிரப்பினேன், சர்டிபிகேட் சரிபார்ப்புல மூணு இடத்துல மாட்டினேன்

சரிபார்ப்பு மேசைல இருந்த மேடம் ஒரு கைல என் விண்ணப்பத்தோட பிரிண்ட்அவுட்டும் இன்னொரு கைல கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டும் வச்சிருந்தாங்க. பென்சிலால விண்ணப்பத்துல இருந்த 71.00ங்கறத வட்டம் போட்டாங்க. "இது எங்கருந்து வந்துச்சு?"னு கேட்டாங்க. எனக்கு பதில் தெரியும், ஆனா சொல்ல வாய் வரல. ஏன்னா அது என் ரெஸ்யூம்ல இருந்து வந்துச்சு. கடைசி தேதிக்கு முந்தின நாள் ராத்திரி பிரவுசிங் சென்டர்ல உக்காந்து, சர்டிபிகேட் பைல வீட்டுலயே வச்சிட்டு, ஃபோன்ல இருந்த ரெஸ்யூம் பிடிஎஃப்ப திறந்து வச்சு அதையே பாத்துப் பாத்து அடிச்சேன். எட்டு மாசம் ராப்பகலா படிச்சு பிரிலிம்ஸ், மெயின்ஸ் ரெண்டும் தாண்டி இன்டர்வியூ வரைக்கும் வந்திருந்தேன், அன்னைக்கு அந்த வட்டத்தப் பாத்தப்ப வயித்தக் கலக்கிடுச்சு.

அன்னைக்கு என்னை வெளிய அனுப்பல. எழுத்துல விளக்கம் எழுதி வாங்கிட்டு, "ப்ரொவிஷனலா" இன்டர்வியூக்கு விட்டாங்க. இறுதிப் பட்டியல்ல என் பேரு வரல, அது இன்டர்வியூ மார்க்காலயா இதாலயான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஆனா அந்த விளக்கக் கடிதத்துல நான் எழுத வேண்டியிருந்த மூணு விஷயத்தையும் இங்க முழுசா சொல்லிடறேன், ஏன்னா மூணுமே ரெஸ்யூம்ல தப்பே இல்ல, ஃபார்ம்ல மட்டும்தான் தப்பு.

முதல்ல அந்த 71. நம்ம ஊர் ஆர்ட்ஸ் காலேஜ் டிகிரி படிச்சவங்களுக்கு இது நல்லாத் தெரியும், பார்ட் ஒன்னு தமிழ், பார்ட் ரெண்டு இங்கிலீஷ், பார்ட் மூணுதான் மேஜரும் அலைடும், பார்ட் நாலுல மத்த சின்ன பேப்பர்லாம். கிளாஸ் போடறது பார்ட் மூணு மார்க்க வச்சுத்தான், அதனால எல்லாரும் "எவ்ளோ பர்சன்டேஜ்?"னு கேட்டா பார்ட் மூணுதான் சொல்லுவோம். எனக்கு பார்ட் மூணுல 2300க்கு 1626, அதாவது 70.70. ரெஸ்யூம்ல அத 71னு ரவுண்ட் பண்ணி போட்டிருந்தேன், எச்ஆர் யாரும் அத நோண்டிக் கேட்டதே இல்ல.

ஆனா ஐபிபிஎஸ் மாதிரி வங்கித் தேர்வு அறிவிப்புகள்ல தெளிவா எழுதியிருக்கும், எல்லா செமஸ்டர்லயும் எல்லா பாடத்துலயும் வாங்கின மொத்த மார்க்க, மொத்த அதிகபட்ச மார்க்கால வகுக்கணும், மேஜர் மட்டும்னு எடுக்கக் கூடாது, ரெண்டு தசம இடம் வரைக்கும் போடணும்னு. அப்ப என் கணக்கு எப்படி வரும்னா, பார்ட் ஒன்னு ரெண்டு சேத்து 800க்கு 478, பார்ட் நாலுல 500க்கு 331, பார்ட் மூணுல அந்த 1626. மொத்தம் 3600க்கு 2435. வகுத்தா 67.64. நான் ஃபார்ம்ல போட்டது 71.00. மூணு சதவீதத்துக்கு மேல வித்தியாசம், பாக்கறவங்களுக்கு நான் கூட்டிப் போட்ட மாதிரிதான தெரியும்?

இதுல இன்னொன்னும் இருக்கு. சில பதவிக்கு 60 சதவீதம் வேணும்னு தகுதி போட்டிருப்பாங்க, அங்க 59.99ம் 60க்குக் கீழதான்னு அறிவிப்புலயே இருக்கும். மேஜர்ல 62, 63 வாங்கி தமிழ் இங்கிலீஷ்ல கம்மியா எடுத்தவங்க, மொத்தம் கூட்டிப் பாத்தா 60க்குக் கீழ போயிடலாம். ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடியே கால்குலேட்டர் எடுத்து கூட்டிப் பாருங்க. மார்க் இல்லாம சிஜிபிஏ மட்டும் இருக்கறவங்க, சும்மா பத்தால பெருக்கிப் போடாதீங்க, உங்க யுனிவர்சிட்டி என்ன கன்வெர்ஷன் முறை சொல்லியிருக்கோ அதப் போட்டு, அந்த முறை எழுதின சர்டிபிகேட்டயும் யுனிவர்சிட்டில வாங்கி கைல வச்சுக்கங்க, சரிபார்ப்புல கேப்பாங்க.

ரெண்டாவது, பாஸ் பண்ண தேதி. ரெஸ்யூம்ல "பி.எஸ்சி. கணிதம், 2015–2018"னு இருக்கும். உண்மைதான், மூணு வருஷம் அந்தக் காலேஜ்லதான் படிச்சேன். ஆனா கடைசி செமஸ்டர்ல எனக்கு ஒரு அரியர் விழுந்துச்சு, அத 2018 நவம்பர்ல எழுதி கிளியர் பண்ணேன், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்ல இருக்கற தேதி 21-01-2019. ஃபார்ம் கேக்கறது எந்த வருஷம் படிச்சன்னு இல்ல, எந்த தேதில நீ டிகிரி முடிச்சதா ஆச்சுன்னுதான். நான் மே 2018ன்னு அடிச்சிருந்தேன். என் விஷயத்துல அந்தத் தேர்வோட தகுதித் தேதி அதுக்கெல்லாம் ரொம்பப் பின்னாடி இருந்ததால தகுதி போகல, விளக்கம் எழுதினதோட முடிஞ்சுது. என் கூடப் படிச்ச பையன் ஒருத்தனுக்கு வேற தேர்வுல அப்படி அமையல, தகுதித் தேதிக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் அவன் அரியர் ரிசல்ட் வந்திருந்துச்சு, ஃபார்ம்ல பழைய தேதி போட்டு எக்ஸாம் பாஸ் பண்ணி, சரிபார்ப்புல அப்படியே நிறுத்திட்டாங்க. எழுதினதே வீணா போச்சு. ப்ரொவிஷனல் சர்டிபிகேட், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், கான்வொகேஷன் சர்டிபிகேட்னு மூணுலயும் மூணு தேதி இருக்கும், எத கேக்கறாங்கன்னு அறிவிப்புல அந்தப் பத்திய ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிங்க. கான்வொகேஷன் தேதியப் போட்டு தனக்குத் தானே ஒரு வருஷம் தள்ளிக்கிட்டவங்களயும் பாத்திருக்கேன்.

மூணாவதுதான் பேரு. இது எல்லாத்தையும் விட அதிக நேரம் எடுத்துச்சு. என் நிஜப் பேர விட்டுட்டு உதாரணத்துக்கு ஒரு பேர வச்சு சொல்றேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல `KAVITHA S`. டிகிரில `S KAVITHA`. ஆதார்ல `Kavitha Sundaram`. முதல் கம்பெனில லாஸ்ட் நேம் பாக்ஸ் காலியா விட முடியாதுன்னு அப்பா பேரப் போட்டேன், அதுலருந்து ரெஸ்யூம்லயும் `Kavitha Sundaram`தான். ஃபார்ம்லயும் அதையே அடிச்சிட்டேன். மேசைல இருந்தவங்க பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டத்தான் கேட்டாங்க, அதுல சுந்தரம்ங்கற எழுத்தே பேர் வரிசைல இல்ல. பத்தாவது மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அப்படியே போடுங்கன்னு எஸ்எஸ்சி சொல்லுது, வங்கித் தேர்வுல சான்றிதழ்லயும் ஃபோட்டோ அடையாள அட்டைலயும் இருக்கற மாதிரின்னு சொல்லுவாங்க. அப்ப ரெண்டும் ஒன்னா இருந்தாத்தான் நிம்மதி. டிகிரில இனிஷியல் முன்னாடி வந்தத யாரும் கேள்வி கேக்கல, இனிஷியல விரிச்சு எழுதினதத்தான் கேட்டாங்க.

நான் ஆதார பத்தாவது மார்க் ஷீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தினேன். ஆதார்ல பேரு வாழ்நாள்ல ரெண்டு தடவைதான் மாத்த முடியும், அதனால சேர்க்கை மையத்துல ஆபரேட்டர் அடிச்ச பிறகு ஸ்கிரீன்லயும் ஒப்புகைச் சீட்டுலயும் எழுத்து எழுத்தா நீங்களே படிச்சுப் பாருங்க. அதே வேகத்துல ஜாதிச் சான்றிதழ எடுத்துப் பாத்தா அங்க அப்பா பேரு சுந்தரமூர்த்தின்னு இருக்கு, மார்க் ஷீட்ல சுந்தரம். ரெண்டும் எங்கப்பாதான், வீட்டுல ஒரு பேரு ரெக்கார்டுல ஒரு பேரு. இ-சேவைல புதுசா விண்ணப்பிச்சு, மார்க் ஷீட்ட ஆதாரமா வச்சு திருத்தி வாங்கினேன், விஏஓ ஆபீசுக்கு ரெண்டு தடவை நடந்தேன். இதெல்லாம் நோட்டிபிகேஷன் வந்த பிறகு செய்ய நேரம் பத்தவே பத்தாது. மத்திய அரசு வேலைக்கு ஓபிசில போறவங்களுக்கு மாநிலத்துல குடுக்கற பிசி, எம்பிசி சான்றிதழ் மட்டும் போதாது, சென்ட்ரல் ஃபார்மட்ல கிரீமி லேயர் இல்லங்கற வரியோட தனியா வாங்கணும்.

அடுத்த தடவை ஃபார்ம் நிரப்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எல்லா ஒரிஜினலயும் தரைல பரப்பி வச்சு, ஒரே ஒரு ஏ4 தாள்ல எழுதினேன். பேரு, அப்பா பேரு, அம்மா பேரு, பிறந்த தேதி, பத்தாவது ரோல் நம்பர், டிகிரி பாஸ் தேதி, மொத்த மார்க், சதவீதம், ஜாதிச் சான்றிதழ் நம்பர், தேதி. ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல எந்தச் சான்றிதழ்ல இருந்து எடுத்தேன்னு. ஞாபகத்துல இருந்து ஒரு எழுத்து எழுதல. அந்தத் தாள வச்சுத்தான் அடிச்சேன், அடிச்சு முடிச்சு பிரிவ்யூ பக்கத்துல எங்கக்கா ஒரிஜினல சத்தமா படிச்சா, நான் ஸ்கிரீனப் பாத்து டிக் போட்டேன். நாமளே படிச்சு நாமளே பாத்தா கண்ணு தப்ப விட்டுடும், அனுபவத்துல சொல்றேன்.

டிஎன்பிஎஸ்சி எழுதறவங்க ஒருமுறைப் பதிவுலயே இந்த வேலைய முடிச்சிடுங்க. 150 ரூபா கட்டினா அஞ்சு வருஷத்துக்கு அதுதான், அங்க தப்பா போட்ட பேரு பின்னாடி ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கூடவே வரும். தப்பு கண்ணுல பட்டா கடைசி தேதி முடிஞ்ச பிறகு வர்ற திருத்த நாட்கள விடாதீங்க, எஸ்எஸ்சில முதல் திருத்தத்துக்கு 200 ரூபா, ரெண்டாவதுக்கு 500 ரூபா.

ரெஸ்யூம தூக்கிப் போடச் சொல்லல. தனியார் வேலைக்கு அது வேணும், எத முன்னாடி சொல்றது எத விடறதுன்னு நாமதான் முடிவு பண்ணுவோம், அரியர் பத்தி அதுல எழுத வேண்டியதே இல்ல. ஆனா அனுபவம் கேக்கற அரசுப் பதவிக்குப் போறப்ப அந்தச் சுதந்திரம் கிடையாது. நான் ரெஸ்யூம்ல "சீனியர் அனலிஸ்ட்"னு போட்டிருந்தேன், டீம்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டாங்க, ரிலீவிங் லெட்டர்ல "ப்ராசஸ் அசோசியேட்". ஃபார்ம்ல ப்ராசஸ் அசோசியேட்னே அடிச்சேன். ரெண்டு வருஷம்னு சொல்லிட்டிருந்ததும் லெட்டர் தேதிப்படி ஒரு வருஷம் பத்து மாசம்தான், அதையே போட்டேன்.

ரெண்டாவது தடவை சரிபார்ப்புல ஒரு சார் இருந்தார். பத்தாவது மார்க் ஷீட், ஆதார், டிகிரி, ஜாதிச் சான்றிதழ்னு வரிசையா திருப்பினார். 67.64ங்கறதுக்கு மட்டும் கால்குலேட்டர எடுத்து 2435ஐ 3600ஆல வகுத்துப் பாத்தார். அப்புறம் 21-01-2019 மேல விரல வச்சு "அரியரா?"ன்னு கேட்டார். ஆமா சார்னேன். டிக் போட்டு அடுத்த தாளுக்குப் போயிட்டார்.