எட்டு வருட வாரண்டியும் ஏழு வயது ஸ்கூட்டரும்: ஒரு இன்டர்வியூவுக்குத் தயாரான கதை

2025-இல், மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர் எனர்ஜியில் பேட்டரி தரப் பிரிவு வேலைக்கு இன்டர்வியூ அழைப்பு வந்தது. பத்து நாள் அவகாசம் இருந்தது. டெக்னிக்கல் கேள்விகளைவிட, கடைசியில் வரும் "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்பதுதான் என்னை உறுத்தியது. அதற்கு முன் வேறொரு கம்பெனியில் "உங்க அடுத்த திட்டம் என்ன?" என்று கேட்டேன். "அது எங்க வெப்சைட்லயே இருக்கே" என்றார்கள். பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

இந்த முறை செய்திகளை விட்டுவிட்டு ஆவணத்திலிருந்து தொடங்கினேன். ஏத்தர் பங்குச்சந்தைக்கு வந்தது 2025 மே மாதம். அதற்கு முன் முதலீட்டாளர்களுக்காகத் தன்னைப் பற்றிய விவரங்களை எழுதித் தாக்கல் செய்த ரெட் ஹெரிங் பிராஸ்பெக்டஸை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். அவ்வளவு பக்கங்களையும் படிக்கத் தேவையில்லை. ரிஸ்க் ஃபாக்டர்ஸ், போட்டியாளர்களைப் பற்றிய பகுதி, நிதிநிலையில் வாரண்டிக்கு ஒதுக்கிய தொகை பற்றிய குறிப்பு, இந்த மூன்றையும் நிதானமாகப் படித்தேன். பத்திரிகைச் செய்தியில் கம்பெனி தன் பலத்தைச் சொல்லும். ரிஸ்க் ஃபாக்டர்ஸில், எங்கே அடி விழலாம் என்பதைச் சட்டப்படி அதுவே எழுதியாக வேண்டும்.

முதலில் எழுதி வைத்த கேள்விகளில் பலவற்றை நானே அடித்துவிட்டேன். 2023-24-இல் வருமானம் சுமார் 1,781 கோடியிலிருந்து 1,754 கோடியாக இறங்கியிருந்தது. ஏன் என்று கேட்க நினைத்தேன். 2023 ஜூனில் மின்சார வண்டிகளுக்கான ஃபேம் மானியத்தின் உச்சவரம்பை வண்டி விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 ஆக மத்திய அரசு குறைத்தது. அதன் பாதிப்பைப் பிராஸ்பெக்டஸே விளக்குகிறது. பதில் அச்சில் இருக்கும்போது கேட்டால், படிக்காமல் வந்தவன் என்றுதான் தெரியும்.

இன்னொன்று சந்தைப் பங்கு பற்றியது. அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகனின் எண்ணிக்கையை வைத்து ஓலா, டிவிஎஸ், பஜாஜ், ஏத்தர் நால்வரையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டேன். அந்த எண்களில் தெலங்கானா சேரவில்லை என்பது பிறகுதான் கண்ணில் பட்டது. தெற்கில் வலுவாக விற்கும் கம்பெனியின் பங்கை அந்த எண் குறைத்தே காட்டும். அந்த அட்டவணையையும் விட்டுவிட்டேன்.

கடைசியில் கையில் நின்றது வாரண்டி. 2024 பிப்ரவரியில் ஓலா, பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 80,000 கிலோமீட்டர் வாரண்டி என்று அறிவித்தது. பிறகு ஏத்தர் 'எய்ட்70' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதே எட்டு வருடம், அதே 80,000 கிலோமீட்டர். கூடவே, பேட்டரியின் ஆரோக்கியம், அதாவது புதிதாக இருந்தபோது பிடித்த சார்ஜில் இப்போது பிடிக்கும் பங்கு, 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்ற உறுதியும் இருந்தது. நான்கு வருடமாக பேட்டரி பேக் டெஸ்டிங் செய்கிறவன் என்பதால் அந்த 70-இலேயே என் கண் நின்றது. பேட்டரி செத்துப்போனால் யாருக்கும் தெரியும். 71-ஆ 69-ஆ என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

பழைய செய்திகளைத் தேடினேன். ஏத்தர் வாடிக்கையாளர்களுக்கு வண்டி கொடுக்கத் தொடங்கியது 2018 செப்டம்பரில், பெங்களூரில். அடுத்த வருடம் சென்னை. அதாவது அவர்களின் எந்த வண்டியும் அப்போது ரோட்டில் எட்டு வருடத்தை முடித்திருக்கவில்லை. இருப்பதிலேயே வயதான வண்டிகள் ஓடியது நாட்டின் மிதமான வானிலை உள்ள ஊரில். இன்று வண்டி விற்பதோ நாக்பூர், ஜெய்ப்பூர் வெயிலிலும். ஓடாமல் நிறுத்தி வைத்தாலும் சூட்டில் பேட்டரி செல் தேயும். ஆகவே பெங்களூர் வண்டிகளின் தரவை அப்படியே அந்த ஊர்களுக்குப் பொருத்த முடியாது.

நோட்டில் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்ததை இரண்டு வாக்கியமாகச் சுருக்கினேன். சவால் விடுவது போல இருக்கக்கூடாது, எதிரில் இருப்பவர் தன் அன்றாட வேலையிலிருந்தே பதில் சொல்லும்படி இருக்க வேண்டும் என்று பலமுறை திருத்தினேன்.

"உங்க ரொம்பப் பழைய வண்டிகளுக்கே ஏழு வயசுக்குள்ளதான் ஆகுது, அதுவும் பெங்களூர்ல. வெயில் அதிகமான ஊர்களுக்கு எட்டாவது வருஷத்த நீங்க லேப் டெஸ்ட வெச்சுக் கணிக்கிறீங்களா, இல்ல வண்டிகள்ல இருந்து வர்ற தரவ வெச்சா?"

கேட்டதும் இன்டர்வியூ எடுத்த மேடம் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் சொன்ன பதிலைப் பொதுவில் எழுதுவது முறையல்ல. ஆனால் உடனே என்னிடம் திருப்பிக் கேட்டார்: "நீங்களா இருந்தா நிறுத்தி வெச்சதால வர்ற தேய்மானத்தையும் ஓட்டினதால வர்ற தேய்மானத்தையும் எப்படிப் பிரிப்பீங்க?" ஒயிட்போர்டு பக்கம் கை காட்டினார். எழுந்து போய், ஒரே கிலோமீட்டர் ஓடி வெவ்வேறு ஊர்களில் நின்ற வண்டிகளை ஒரு வரிசையாகவும், ஒரே ஊரில் வெவ்வேறு கிலோமீட்டர் ஓடிய வண்டிகளை இன்னொரு வரிசையாகவும் வரையத் தொடங்கினேன். அரை மணி நேரம் என்று சொன்ன இன்டர்வியூ ஒரு மணி நேரத்தைத் தாண்டியது.